எட்டு நிமிடத்தில் பதினோரு ‘டீச்சர்!’

என் இரண்டாம் வகுப்பில் 24 பிள்ளைகள். எல்லோருக்கும் வயது ஏழு, அல்லது ஏழை எட்டிப் பிடிக்கும் வயது. அத்தனை பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடத்தை வாசிக்கச் சொன்னால் கூரை அதிரும். பலகையில் குச்சி நகர நகரக் குரலும் நகரும். வராந்தாவில் நின்று கேட்பவருக்கு, வகுப்பே சரளமாகப் படிக்கிறது என்று தோன்றும். ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து அதே பக்கத்தை நீட்டினால்தான் கதை தெரியும். ஒருத்தி ‘கோழி’யைக் ‘கேழி’ என்பாள். ஒருவன் புத்தகத்தைப் பார்க்காமலே பக்கம் முழுவதையும் ஒப்பிப்பான்.

ஒரு பிள்ளை படிப்பதைத் தனியாகக் கேட்க மூன்று நிமிடமாவது வேண்டும். அந்த மூன்று நிமிடம் மற்ற 23 பேரும் என்ன செய்வார்கள்? அங்கேதான் களச் சுற்று உதவுகிறது. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, அறையின் நான்கு மூலைகளில் நான்கு வேலைகளை வைத்து, மணி அடிக்க அடிக்க இடம் மாறச் செய்வது. ஒரு மூலையில் நான் இருப்பேன். மற்ற மூன்று மூலைகளிலும் பிள்ளைகளை நடத்துவது ஓர் அட்டை.

அட்டை வைத்துப் படிப்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பழக்கமானதுதான். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளி தன்னைச் சுற்றியிருந்த கிராமங்களில் நடத்திவந்த அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. அதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணிப்படியில் தன் வேகத்தில் ஏறும். 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வந்தன. நான் இங்கே சொல்லப்போவது அவற்றைவிடச் சிறியது: ஒரு வகுப்பு, ஒரு நாளில் 20 நிமிடம். புதிய எழுத்து எதையும் அந்த நேரத்தில் கற்றுத்தருவதில்லை. ஏற்கெனவே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லித் தந்ததைப் பழகுவதற்கு மட்டுமே அது.

20 நிமிடத்தைப் பங்கு போடுவது

நான்கு களம், 20 நிமிடம். வகுத்துப் பார்த்தால் களத்துக்கு ஐந்து நிமிடம். முதலில் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஏழு வயதுப் பிள்ளை உட்கார்ந்து, பென்சில் எடுத்து, பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வேலையில் கை வைக்கவே ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். கை வைத்து மூன்று நிமிடத்தில் மணி அடித்தால், நான்கு இடத்திலும் தொடங்கிய வேலை நான்கு இடத்திலும் பாதியில் நிற்கும்.

அதனால் ஒரு நாளைக்கு இரண்டு களம் என்று மாற்றினேன். தொடங்க இரண்டு நிமிடம், முதல் களம் எட்டு நிமிடம், இடம் மாற ஒரு நிமிடம், இரண்டாவது களம் எட்டு நிமிடம், எடுத்துவைக்க ஒரு நிமிடம். கூட்டினால் 20. இரண்டு நாளில் ஒரு சுற்று முடியும். திங்கள், செவ்வாய் ஒரு சுற்று; புதன், வியாழன் இன்னொன்று. வெள்ளிக்கிழமை சுற்று கிடையாது. அவரவர் பிடித்த களத்தில் உட்காரலாம். அன்று, வாரத்தில் விடுப்பு எடுத்த பிள்ளைகளை அழைத்து நான் படிக்கச் சொல்லிக் கேட்பேன்.

குழுவுக்கு ஆறு பேர். மயில், கிளி, குயில், மைனா. களங்கள் வலம்வந்த வரிசையில் இருக்கும்: என் பாய், சொல் கட்டும் களம், எழுதும் களம், ஜோடி சேர்ந்து படிக்கும் களம். ஒரு மணிக்கு ஒரு இடம் நகர வேண்டும், அவ்வளவுதான் சட்டம். திங்களன்று மயில் என் பாயில் தொடங்கினால், அடுத்த மணிக்குச் சொல் கட்டப் போகும். செவ்வாயன்று எழுதும், பிறகு ஜோடியாகப் படிக்கும். வேறு எந்தக் குழுவை எடுத்துப் பார்த்தாலும் இரண்டு நாளுக்குள் என் பாய்க்கு ஒரு முறை வந்துவிடும். ஆக, வாரத்தில் இரண்டு முறை ஒவ்வொரு குழுவோடும் எனக்கு எட்டு நிமிடம் கிடைக்கிறது. இந்த ஏற்பாடு முழுவதும் அந்த எட்டு நிமிடத்துக்காகத்தான்.

பதினொன்று எதனால்?

முதல் நாள் அந்த எட்டு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. பாயில் உட்கார்ந்து மயில் குழுவிடம் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். ‘டீச்சர்!’ என்றது ஒரு குரல். பதில் சொல்லித் திரும்பினேன். ‘டீச்சர், டீச்சர்!’ கடுப்பில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தேன். பிறகு கூப்பிடும்போதெல்லாம் ஒரு கோடு, பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில். மணி அடித்தபோது 11 கோடுகள் இருந்தன.

எரிச்சலில் கிழித்த அந்தக் கோடுகள்தான் எனக்கு வழி காட்டின. மூன்று பேர் கேட்டது, ‘என்ன செய்யணும்?’ இரண்டு பேருக்குப் பென்சில் மொக்கை. இரண்டு பேர், ‘முடிச்சிட்டேன், இப்ப?’ ஒருவனுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. ஒருத்தி, ‘பெரிய றாவா, சின்ன ராவா?’ ஒருவன், ‘என் எழுத்த அவன் எடுத்துக்கிட்டான்.’ கடைசியாக ஒருத்தி, பக்கத்தில் இருப்பவள் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள்.

பிள்ளைகள் அடங்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். பட்டியலை மாலையில் நிதானமாகப் படித்தபோது, பதினொன்றில் பத்துக்கும் காரணம் நான் என்று புரிந்தது. பென்சிலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இப்போது ஒவ்வொரு களத்திலும் இரண்டு டம்ளர் இருக்கும். ஒன்றில் சீவிய பென்சில், மற்றதில் மொக்கைப் பென்சிலைப் போட வேண்டும். சீவுவது காலையில் முதல் மணிக்கு முன்னால். சுற்று நடக்கும்போது யாரும் சீவுவதில்லை. கதவோரம் ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். கட்டை இருந்தால் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போகலாம். இல்லையென்றால் யாரோ போயிருக்கிறார்கள் என்று பொருள். என்னிடம் கேட்க வேண்டியதில்லை. எழுத்துக்குச் சண்டை வந்தது, ஆறு பேருக்கு ஒரே டப்பா வைத்ததால். இரண்டு பேருக்கு ஒன்று என்று மூன்று டப்பாக்கள் வைத்தேன், மூடியில் 1, 2, 3 என்று எண்ணிட்டு. எழுதும்போது எழுத்துச் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே எழுதலாம், பிறகு பார்த்துக்கொள்வோம்.

மிச்சமிருந்த இரண்டு கேள்விகள்தான் கடினமானவை. ‘என்ன செய்யணும்?’, ‘இப்ப?’ இரண்டுக்கும் அட்டைதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு அட்டை, அருகில்

நான் முதலில் எழுதிய அட்டை இப்படி இருந்தது: ‘கீழே உள்ள படங்களைக் கவனித்து அவற்றின் பெயர்களை எழுத்து அட்டைகளைப் பயன்படுத்தி உருவாக்குக.’ சரியான தமிழ். ஆனால் ‘கோழி’யைப் படிக்கத் திணறுகிற பிள்ளை ‘உருவாக்குக’ என்பதைப் படித்து வேலையைத் தொடங்க முடியுமா? படிக்கப் பழகும் களத்தில், நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் நுழையக்கூடிய கதவை வைத்திருந்தேன்.

இப்போது அதே களத்தின் அட்டை இது. ஏ4 தாளில் பாதி அளவு கெட்டி அட்டை, ஓரத்தில் பச்சைப் பட்டை, மேலே அகலமான செல்லோ டேப்.

படம் பார். பெயர் சொல்.
எழுத்தை அடுக்கு.
திருப்பு. சரி பார்.
முடிந்ததா? அடுத்த படம் எடு.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சிறு படம்: கண், கை, திருப்பும் அம்பு, மீண்டும் முதலுக்குப் போகும் வட்டம். எழுத்து தெரியாத பிள்ளையும் இந்த நான்கு படங்களைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடும். ஒரு வரியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு சின்னச் செயல். அதற்கு மேல் வைத்தால் கடைசிச் செயலை மட்டும் செய்கிறார்கள். கடைசி வரி எப்போதும் ‘முடிந்ததா?’ என்று கேட்கும். வேலையை முடித்த பிள்ளை என்னிடம் வராமல் இருப்பது அந்த வரியால்தான். அதே போல, சரியா தவறா என்பதையும் அட்டையே சொல்ல வேண்டும். படத்துக்குப் பின்னால் சொல் எழுதியிருக்கும். திருப்பிப் பார்த்தால் போதும்.

மாதம் முழுவதும் இந்த அட்டை மாறாது. மாறுவது டப்பாவுக்குள் இருக்கும் படங்களும் எழுத்துகளும் மட்டுமே. வேலையின் வடிவமும் புதிதாக, சொற்களும் புதிதாக இருந்தால், பிள்ளை தன் எட்டு நிமிடத்தையும் வடிவத்தைப் புரிந்துகொள்வதிலேயே செலவழித்துவிடும்.

டப்பாவில் என்ன போடுவது என்பதை என் பாயில் கேட்டதை வைத்து முடிவு செய்கிறேன். ‘கோழி’யைக் ‘கேழி’ என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் தப்பு கண்மூடித்தனமான தப்பில்லை. ‘கோ’ என்ற எழுத்தில் முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் ‘க’, பின்னால் துணைக்கால். அவள் கொம்பையும் ‘க’வையும் பார்த்ததும் ‘கே’ என்று முடிவுகட்டிவிடுகிறாள். பின்னால் இருக்கும் காலை அவள் கண் எட்டுவதற்குள் வாய் முந்திவிடுகிறது. ‘கொடி’யைக் ‘கெடி’ என்பதும் இதே வழியில்தான். அதே குழுவில் இன்னும் மூன்று பேர் இதையே செய்தார்கள்.

அந்தக் குழுவின் டப்பாவில் ஆறு படங்கள் வைத்தேன்: கொடி, கோழி, தொட்டி, தோடு, பொட்டு, கோலம். எழுத்து அட்டைகளில் க, த, ப மூன்றும் தனி. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் மூன்றும் அதே அகலத்தில் தனித்தனி அட்டை. ‘கோ’ வேண்டுமென்றால் மூன்று அட்டைகளை வரிசையாக வைத்தே தீர வேண்டும். கடைசிக் காலைக் கையால் எடுத்து வைக்காமல் ‘கோ’ வராது. கண் தாண்டிப் போன இடத்தில் கை நிற்கும். ‘ழி’, ‘டி’, ‘டு’ போன்றவற்றை மட்டும் முழு எழுத்தாகவே கொடுத்தேன். கொம்பும் காலும் தள்ளி நிற்பவை, கழற்றிக் கொடுக்கலாம். இகரமும் உகரமும் எழுத்தின் உடம்போடு ஒட்டி அதன் உருவத்தையே மாற்றுபவை. அவற்றைக் கழற்றித் தந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மற்ற மூன்று குழுக்களுக்கும் அதே அட்டைதான், டப்பா வேறு. குழுக்கள் நிரந்தரமில்லை. யாருக்கு எந்த எழுத்தில் தடுக்குகிறது என்பதைப் பார்த்து மாதத்துக்கு ஒருமுறை கலைத்துப் போடுகிறேன். கலைக்காமல் விட்டால், எந்தப் பறவை ‘படிக்காத பறவை’ என்று மூன்றாவது வாரத்தில் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மணி அடித்த பிறகு

அட்டை சரியாகிவிட்டாலும் இடம் மாறுவது பாடாய்ப் படுத்தியது. ஒரு நிமிடம் என்று தாளில் எழுதியது தரையில் நான்கு நிமிடம் ஆனது. நான்கு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் 24 பேர் கிளம்பினால் நடுவில் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். அங்கே ஒரு ஓட்டப்பந்தயமும் நடக்கும்.

அதை நான்கு துண்டாக வெட்டினேன். மணி அடித்ததும் இரண்டு கையும் தலைமேல். இரண்டாவது, அட்டைகள் டப்பாவுக்குள், மூடி மேலே. மூன்றாவது, எழுந்து நின்று அடுத்துப் போகும் இடத்தைக் கையால் காட்ட வேண்டும். நான்காவது, சுவரோரமாக நடந்து போய் உட்கார வேண்டும்; வகுப்பே ஒன்றிலிருந்து 40 வரை எண்ணி முடிப்பதற்குள். இதில் எனக்கு அதிகம் உதவுவது மூன்றாவது. ஒரு குழுவின் ஆறு கையும் ஒரே திசையில் நீண்டால் அவர்களுக்கு வழி தெரிகிறது. இரண்டு கை வேறு பக்கம் நீண்டால், கால் கிளம்பும் முன்பே திருத்திவிடலாம்.

இதைப் பழக்குவதற்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில் கெயில் பௌஷே, ஜோன் மோசர் என்ற ஆசிரியச் சகோதரிகள் 2006-இல் ‘டெய்லி ஃபைவ்’ என்ற புத்தகம் எழுதினார்கள். பிள்ளைகள் தாமாக வேலையில் நிலைத்திருப்பதையும் சில நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாகத்தான் வளர்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நான் இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால்தான் முதல் நாள் அவ்வளவு கோடுகள். பிறகு நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பழக்கினேன். முதல் வாரம் வெறும் கையோடு மணியும் நடையும் மட்டும். இரண்டாவது வாரம் களத்தில் வேலை, ஆனால் மூன்று நிமிடம்தான். பிறகு நான்கு, ஐந்து. அந்த வாரம் நான் பாயில் உட்காரவே இல்லை. அறையைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் வேலை தடுக்குகிறது என்று மட்டும் பார்த்தேன். மூன்றாவது வாரம்தான் உட்கார்ந்தேன்.

அமைதியும் ஏமாற்றும்

கூப்பிடுவது குறைந்துவிட்டால் எல்லாம் நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அமைதியாக ஏமாறுவதும் உண்டு. எழுதும் களத்தில் ஒரு படத்தைப் பார்த்து இரண்டு வாக்கியம் எழுத வேண்டும். மாதிரிக்காக நான் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன்: ‘மாடு புல் தின்கிறது.’ அன்று ஆறு நோட்டிலும் அழகான கையெழுத்தில் மாடு புல் தின்றுகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் எல்லோரும் பார்த்து எழுதியிருந்தார்கள். இப்போது மாதிரியில் ஒரு படம், வேலைக்கு வேறு படம். மாதிரியில் மாடு இருந்தால் வேலையில் பேருந்து.

ஜோடிக் களத்தில் பக்கம் மளமளவென்று புரண்டால் படம் பார்க்கிறார்கள் என்று பொருள். அங்கே தோளோடு தோள் உரச உட்கார்ந்து, புத்தகத்தை இருவர் மடியிலும் வைத்து, ஒருவர் படிக்க மற்றவர் சொல்லுக்குக் கீழே விரல் வைக்க வேண்டும். விரல் நகர்கிறதா என்று பாயிலிருந்தே பார்த்துவிடலாம். இருவருக்குமே படிக்க வரவில்லை என்றால், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை அச்சிட்ட தாளைக் கொடுப்பேன். வாய்க்குத் தெரிந்த சொல்லை விரல் தாளில் தேடும்.

என் பாயில் நடப்பது எளிமையானது. முதல் நிமிடம் அன்றைக்கான எழுத்தை நினைவுபடுத்துவது. பிறகு ஐந்து நிமிடம் ஆறு பேரும் அவரவர் புத்தகத்தை முணுமுணுவென்று தனித்தனியாகப் படிப்பார்கள். சேர்ந்து படிக்கக் கூடாது. நான் இரண்டு பேர் பக்கம் மட்டும் காதைச் சாய்ப்பேன். நோட்டில் ஒரு வரி: தேதி, புத்தகத்தில் இருந்த சொல், பிள்ளை படித்த சொல். கடைசி இரண்டு நிமிடம், அன்று தடுக்கிய ஒரு சொல்லைச் சிலேட்டில் எழுதி எல்லோரும் பார்ப்போம். ஒரு முறைக்கு இரண்டு பேர் என்றால், வாரத்துக்கு நான்கு பேர். ஒன்றரை வாரத்தில் குழு முழுவதையும் கேட்டு முடித்துவிடுவேன்.

24 பேருக்கு இது பொருந்துகிறது. 36 பேர் என்றால் ஒன்பது பேர் கொண்ட குழு வேண்டாம். பாயில் ஒன்பது முணுமுணுப்பில் எதுவும் காதில் விழாது. ஆறு பேர் கொண்ட ஆறு குழுவாக்கி, சொல் கட்டும் களத்தையும் ஜோடிக் களத்தையும் இரட்டிப்பாக்கலாம். அப்போது என் பாய்க்கு ஒரு குழு வாரத்தில் இரண்டு முறை வருவது உறுதியில்லை, ஒரு முறை உறுதி.

கடைசிப் பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழிப்பதை நான் இன்னும் விடவில்லை. எண்ணிக்கை இப்போது பெரும்பாலும் ஒன்று, இரண்டு. திடீரென்று ஐந்தாகிவிட்டால், எந்தக் களத்திலிருந்து என்று பார்த்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

‘கேழி’ படித்த பெண் ஒரு வியாழக்கிழமை ஜோடிக் களத்தில் உட்கார்ந்திருந்தாள். ‘தோட்டம்’ என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றாள். ஒரு விரலைக் கொம்பின் மேலும் இன்னொரு விரலைக் காலின் மேலும் வைத்து, இரண்டுக்கும் நடுவில் பார்த்துவிட்டு, ‘தோ’ என்றாள். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. அன்று எனக்கு அது கண்ணில் பட்டது, அந்த நிமிடத்தில் யாரும் என்னைக் கூப்பிடாததால்.

அதற்கு அடுத்த நிமிடமே ஒருவன் பாயை நோக்கி ஓடி வந்தான். தலைமேல் கையும் இல்லை, சுவரோர நடையும் இல்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஒரு குட்டிப் பல்.

இரண்டாம் வகுப்பில் பல் விழாத வாரம் இல்லை. அதற்கு நான் அட்டை எழுதவில்லை. பல் விழுந்தால் மட்டும் யாரும் எப்போதும் என்னிடம் வரலாம் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். தாளில் மடித்துப் பையில் வைக்கச் சொல்லி அவனை எழுதும் களத்துக்கு அனுப்பினேன். மாலையில் நோட்டைத் திறந்தேன். பேருந்துப் படத்தை விட்டுவிட்டுத் தன் சேதியை எழுதியிருந்தான்: ‘என் பால் விழுந்தது.’

ஒருத்தி காலை விட்டுவிட்டுப் படித்தாள், இவன் வேண்டாத இடத்தில் காலைச் சேர்த்துவிட்டான். அடுத்த வாரத்துக்கான டப்பாவில் முதலில் இரண்டு படங்களைப் போட்டு மூடினேன். ஒன்று பல், இன்னொன்று பால்.